நாலு பெட்டி விலை போட்டதில் எங்கே தப்பு? கடைகளுக்கு மொத்த விலையில் பொடி கொடுக்கிறவர்கள் பதில் சொல்லுங்கள்

உட்லண்ட்ஸ் பொடிக்காரி

வணக்கம். சிங்கப்பூர் உட்லண்ட்ஸில் உரிமம் எடுத்த சின்ன உணவுக் கூடத்தில் இட்லிப் பொடி, சாம்பார்ப் பொடி, ரசப் பொடி அரைக்கிறேன். எல்லாமே 250 கிராம் பாக்கெட், பெட்டிக்கு 24. போன வருடம் வரை நேரடியாக வீடுகளுக்குத்தான் விற்றேன். இந்த வருடம் மளிகைக் கடைகளுக்கும் கொடுக்க ஆரம்பித்து, இப்போது 17 கடைகள் வாங்குகின்றன.

என் விலைப்பட்டியல் இது. 23 பாக்கெட் வரை ஒன்று 4 வெள்ளி 20 காசு. ஒரு பெட்டியிலிருந்து 3.90. நாலு பெட்டியும் அதற்கு மேலும் 3.50. கடைகள் தட்டில் 5.90 போட்டு விற்கின்றன. சரக்கு, பை, லேபிள், கூலி, கூடத்து வாடகையில் ஒரு பங்கு எல்லாம் சேர்த்து எனக்கு ஒரு பாக்கெட்டின் அடக்கம் 2.30. மூன்று பொடிக்கும் கிட்டத்தட்ட அதே அடக்கம்தான். வேனும் ஓட்டுநரும் ஒரு நாளைக்கு 120 வெள்ளி, சராசரி பத்துக் கடை.

விற்பனை கூடியிருக்கிறது. அரைக்கிற அளவு போன காலாண்டைவிடக் கணிசமாக அதிகம். ஆனால் மாதக் கடைசியில் கையில் நிற்கிற பணம் கூடவே இல்லை. கணவர் சரக்கு விலை ஏறிவிட்டது என்கிறார். மிளகாயும் உளுந்தும் ஏறியது உண்மைதான், ஆனால் அந்த ஏற்றத்தையும் சேர்த்துத்தான் 2.30 என்று சொன்னேன். வேறு எங்கே போகிறது பணம்?

புதுவரவு

அக்கா, நானும் மொத்த விலையில் மசாலா வாங்க வேண்டும். வீட்டுக்கு மாதம் நாலைந்து பாக்கெட். 3.50க்குக் கிடைக்குமா? தேக்காவில் எந்தக் கடையில் கேட்கலாம்?

உட்லண்ட்ஸ் பொடிக்காரி

தம்பி, இது கடைகளுக்குக் கொடுக்கிற விலை பற்றிய கேள்வி. வீட்டுக்கு வேண்டுமென்றால் தனிச்செய்தி அனுப்புங்கள்.

சிராங்கூன் செல்வம்

சகோதரி, இரண்டு விஷயம். முதலில் கடைக்காரருக்கு 30 சதவீதம் லாபம் நிற்க வேண்டும். நீங்கள் 4.20க்குக் கொடுத்தால் அதன் மேல் 30 சதவீதம் வைத்து 5.46 வரும். 5.90 போட்டால் அவர்கள் அதைவிட அதிகம் சம்பாதிக்கிறார்கள். விலையை ஏற்றுங்கள்.

இரண்டாவது, பட்டியலில் ஜிஎஸ்டி 9 சதவீதம் சேர்க்கவே இல்லை போலிருக்கிறது. அது சட்டப்படி கட்டாயம். பணம் அங்கேதான் ஒழுகுகிறது.

கணக்கர் மீனாட்சி

செல்வம் அண்ணே, பாதி சரி. கடைக்காரர் 30 சதவீதம் எதிர்பார்ப்பது உண்மை, ஆனால் அவர்கள் அதை விற்கிற விலையில் பார்க்கிறார்கள், வாங்கிய விலையின் மேல் அல்ல. 5.90இல் 30 சதவீதம் 1.77. அப்படியென்றால் அவர்கள் 4.13க்கு வாங்க வேண்டும். 4.20 என்பது ஏற்கெனவே கொஞ்சம் இறுக்கம்தான்.

ஜிஎஸ்டி விஷயத்தில் கவனம். வரிக்குட்பட்ட வருவாய் ஆண்டுக்கு 10 லட்சம் வெள்ளியைத் தாண்டினால்தான் பதிவு கட்டாயம். பதிவு செய்யாதவர் பில்லில் ஜிஎஸ்டி போட்டு வாங்கினால் அது குற்றம். ஆகவே அக்கா, எதையும் சேர்க்காதீர்கள்.

ஆனால் வரி வேறு வழியில் உங்களைத் தொடுகிறது. உங்களிடம் வாங்கும் கடை பதிவு செய்த கடையாக இருந்தால், தட்டிலுள்ள 5.90க்குள்ளேயே அவர்கள் அரசுக்குக் கட்டவேண்டிய வரி இருக்கிறது. 5.90ஐ 1.09ஆல் வகுத்தால் 5.41. உங்களிடம் 3.90க்கு வாங்கினால் அவர்களுக்கு நிற்பது 2 வெள்ளி அல்ல, 1.51. பெரிய மினிமார்ட்காரர் உங்களிடம் அதிகமாகப் பேரம் பேசுகிறார், ஓரத்துக் கடைக்காரர் பேசாமல் வாங்குகிறார் என்றால் ஒரு காரணம் இதுவாக இருக்கலாம்.

பழைய வேன்காரர்

கேள்விக்கு வருகிறேன். இருபது வருடம் ஊறுகாயும் அப்பளமும் தீவு முழுக்கக் கொண்டுபோய்க் கொடுத்தவன். உன் பட்டியலைப் பார்த்ததும் ஒன்று கண்ணில் பட்டது. பேனா எடுத்துக்கொள் அம்மா.

ஒரு கடை மூன்று பெட்டி எடுக்கிறது. 72 பாக்கெட், ஒன்றில் உனக்கு நிற்பது 3.90 கழித்தல் 2.30, அதாவது 1.60. மொத்தம் 115 வெள்ளி 20 காசு.

அதே கடை நாலு பெட்டி எடுக்கிறது. 96 பாக்கெட், ஒன்றில் நிற்பது 1.20. மொத்தம் எவ்வளவு என்று நீயே பெருக்கிப் பார்.

உட்லண்ட்ஸ் பொடிக்காரி

115 வெள்ளி 20 காசு.

அண்ணே, கை நடுங்குகிறது. நாலாவது பெட்டியில் ஒரு காசுகூட இல்லையா?

பழைய வேன்காரர்

இல்லை. 24 பாக்கெட்டை வறுத்து, அரைத்து, அடைத்து, தூக்கிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாய், அவ்வளவுதான். அடக்கம் திரும்பி வந்தது, வேறொன்றும் வரவில்லை. மூன்று பெட்டி எடுத்துக்கொண்டிருந்த கடைகளில் எத்தனை இப்போது நாலுக்கு மாறின என்று பழைய பில்களைப் பார். கூடுதலாக அரைத்தது எங்கே போனது என்று தெரிந்துவிடும்.

விலைப்படி வைக்கும்போது எல்லாரும் பார்ப்பது பாக்கெட்டில் எத்தனை காசு குறைத்தோம் என்பதைத்தான். 40 காசு, 3.90இல் பத்தில் ஒரு பங்கு, பரவாயில்லை என்று தோன்றும். ஆனால் அந்த 40 காசு உன் 1.60இலிருந்து போகிறது, அதில் அது கால் பங்கு. அதுவும் கடைசிப் பெட்டிக்கு மட்டும் போகவில்லை, முதல் மூன்று பெட்டிக்கும் சேர்த்துப் போகிறது. படியைத் தாண்டியதும் மொத்தச் சரக்குக்கும் விலை குறைகிற பட்டியலில் இந்தப் பள்ளம் எப்போதும் இருக்கும். அது எவ்வளவு ஆழம் என்பதுதான் கேள்வி.

ஜூரோங் மளிகை

நான் வாங்குகிற பக்கத்தில் இருக்கிறேன், ஜூரோங் வெஸ்டில் புளோக்கின் கீழ்த்தளத்தில் கடை. அண்ணன் சொன்னதை எங்கள் பக்கத்திலிருந்து சொல்கிறேன். இப்படிப் பட்டியல் கொடுத்தால் நாங்கள் நாலு பெட்டிதான் எடுப்போம். ஆனால் வாடிக்கையாளர் அதனால் ஒரு பாக்கெட்கூட அதிகமாக வாங்கப் போவதில்லை. என் கடையில் ஒரு பொடி மாதம் மூன்று பெட்டி போகிறது என்றால் மூன்றுதான் போகும். நாலாவது பின்கட்டில் கிடக்கும். அடுத்த ஆர்டர் ஒரு வாரம், பத்து நாள் தள்ளிப் போகும். உங்களுக்கு அது கூடுதல் விற்பனை போலத் தெரியும், உண்மையில் அடுத்த மாத விற்பனையைக் குறைந்த விலையில் முன்னாலேயே கொடுத்திருக்கிறீர்கள்.

எனக்கு இதில் ஆதாயம்தான், இருந்தும் ஏன் சொல்கிறேன் என்றால், இப்படிக் கொடுத்த ஒரு சின்ன விநியோகிப்பாளர் ஒன்றரை வருடத்தில் தொழிலையே விட்டுவிட்டார். அவருடைய எலுமிச்சை ஊறுகாயைக் கேட்டு இன்னமும் ஆள் வருகிறார்கள், கொடுக்க என்னிடம் இல்லை.

உட்லண்ட்ஸ் பொடிக்காரி

பில்களைப் பார்த்துவிட்டேன். 17 கடையில் ஐந்து கடை இரண்டு, மூன்று பெட்டியிலிருந்து நாலுக்கு மாறியிருக்கின்றன. ஐந்தில் நாலு கடைகளின் ஆர்டர் இடைவெளி நீண்டுவிட்டது. ஜூரோங் அண்ணன் சொன்னது அப்படியே.

சரி, எப்படி மாற்றுவது? படியே வேண்டாம், ஒரே விலை என்று சொல்லிவிடவா?

பழைய வேன்காரர்

ஒரே விலை என்றால் பெரிய ஆர்டர் கொடுப்பவருக்கு வருத்தம் வரும், அந்த வருத்தத்தில் நியாயமும் இருக்கிறது. அவருடைய ஆர்டர் உனக்கு உண்மையிலேயே வேலையைக் குறைக்கிறது. எவ்வளவு குறைக்கிறது என்று பார், அதற்கு ஏற்ற அளவு விலையைக் குறை.

நாலு பெட்டிக்கு 3.75 என்று வை. ஒன்றில் 1.45 நிற்கும், 96க்கு 139 வெள்ளி 20 காசு. மூன்று பெட்டியில் கிடைத்ததைவிட 24 வெள்ளி கூடுதல். நாலாவது பெட்டியின் ஒவ்வொரு பாக்கெட்டும் உனக்கு ஒரு வெள்ளி தருகிறது. கடைக்காரருக்கும் மொத்தம் 360 வெள்ளி, கேட்க வட்டமாக இருக்கிறது.

கணக்கர் மீனாட்சி

இன்னொரு வழியும் இருக்கிறது. முதல் மூன்று பெட்டிக்கு 3.90, நாலாவதிலிருந்து மட்டும் 3.50. இதில் பள்ளமே வராது, நாலாவது பெட்டியில் 28 வெள்ளி 80 காசு நிற்கும். கணக்குப்படி எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது.

ஜூரோங் மளிகை

மீனாட்சி அம்மா, கணக்கு சரி, ஆனால் கடையில் எடுபடாது. நான் தட்டு விலை போடும்போது இந்தப் பாக்கெட் எனக்கு என்ன விலை விழுந்தது என்று ஒரு எண் வேண்டும். ஒரே சரக்கு ஒரே பில்லில் இரண்டு விலையில் வந்தால் வேலையாள் தவறாகப் பதிவு செய்வார், அடுத்த முறை சண்டை வரும். 3.75 என்று நேராகச் சொன்னால் போதும்.

கணக்கர் மீனாட்சி

ஏற்றுக்கொள்கிறேன். கடைப்பக்க அனுபவம் எனக்கு இல்லை.

செம்பவாங் சித்ரா

நான் சேலை ரவிக்கைத் துணி மொத்த விலையில் கொடுக்கிறேன். உங்களுக்கு என் அனுபவம்: குறைந்தபட்ச ஆர்டர் வைக்கவே கூடாது. நான் 500 வெள்ளி என்று வைத்ததும் பாதிக் கடைகள் போய்விட்டன. எடுத்துவிட்டேன், திரும்பி வந்தார்கள்.

பழைய வேன்காரர்

சித்ரா, துணி கெட்டுப்போகாது, ஒரு பையில் வைத்துக் கூரியரில்கூட அனுப்பிவிடலாம். பொடிக்கு வேன் போக வேண்டும். இவருடைய எண்களைப் பாருங்கள். ஒரு கடைக்குப் போய்வர 12 வெள்ளி. ஆறு பாக்கெட் 4.20க்குக் கொடுத்தால் நிற்பது 11 வெள்ளி 40 காசு. கதவைத் தட்டும்போதே 60 காசு நஷ்டம். பன்னிரண்டு பாக்கெட் என்றால் வேன் காசு போக 10 வெள்ளி 80 காசு, பரவாயில்லை. ஒரு பெட்டி என்றால் 26 வெள்ளி 40 காசு.

ஆனால் உங்கள் கதையில் ஒரு உண்மை உண்டு. குறைந்தபட்ச அளவைப் பெரிதாக வைத்தால் புதுக் கடை உள்ளே வராது. அதனால் நான் வைத்திருந்தது இரண்டு வேறு அளவு. ஆர்டருக்குக் குறைந்தபட்சம் பன்னிரண்டு பாக்கெட், மூன்று பொடியையும் கலந்து எடுக்கலாம், ஒவ்வொன்றிலும் ஆறின் மடங்காக. அதை நம் கூடத்துக்கு வந்து எடுத்துக்கொள்ளலாம், அல்லது டெலிவரிக்கு 10 வெள்ளி தரலாம். ஒரு பெட்டியிலிருந்து டெலிவரி இலவசம். கடைக்காரர் தானாகவே இன்னொரு கடைக்காரருடன் சேர்ந்து எடுப்பார், அல்லது பெட்டிக்கு ஏறிவிடுவார்.

உட்லண்ட்ஸ் பொடிக்காரி

கலந்து எடுக்க நான் அனுமதிக்கவில்லை. ஒரு பெட்டி என்றால் ஒரே பொடி. ரசப் பொடி பல கடையில் தேங்கி நிற்பதற்கு இதுதான் காரணமோ என்று இப்போது தோன்றுகிறது.

ஜூரோங் மளிகை

நிச்சயமாக. ரசப் பொடி 24 எடுக்கச் சொன்னால் நான் எடுக்கவே மாட்டேன். ஆறு என்றால் வைத்துப் பார்ப்பேன்.

உட்லண்ட்ஸ் பொடிக்காரி

அடுத்த தலைவலி பணம் வருவது. எல்லாருக்கும் 30 நாள் என்றுதான் சொன்னேன். ஈசூனில் ஒரு கடை வாரம் இரண்டு பெட்டி எடுக்கிறது, நல்ல கடை, ஏமாற்றவில்லை. ஆனால் எப்போது பார்த்தாலும் 1,500 வெள்ளி பக்கம் நிலுவை நிற்கிறது. கேட்டால் "30 நாள்தானே, சரியாகத்தான் கொடுக்கிறோம்" என்கிறார்கள். நான் பொய் சொல்கிறேனா அவர்கள் சொல்கிறார்களா என்றே புரியவில்லை.

கணக்கர் மீனாட்சி

இரண்டு பேரும் உண்மைதான் சொல்கிறீர்கள். நீங்கள் பில் தேதியிலிருந்து எண்ணுகிறீர்கள். அவர்கள் மாதக் கணக்கு அறிக்கையிலிருந்து எண்ணுகிறார்கள். மார்ச் 3ஆம் தேதி இறக்கிய சரக்கு மார்ச் 31 அறிக்கையில் வரும், அதிலிருந்து 30 நாள் என்றால் ஏப்ரல் 30. உங்கள் கையிலிருந்து சரக்கு போய் 58 நாள். வாரம் 48 பாக்கெட், 3.90க்கு 187 வெள்ளி 20 காசு. எட்டு வாரத்துப் பில் வெளியே நின்றால் 1,497 வெள்ளி 60 காசு. உங்கள் 1,500 அதுதான்.

பட்டியலிலும் ஒவ்வொரு பில்லிலும் "பில் தேதியிலிருந்து 30 நாள்" என்று எழுதுங்கள், கட்டவேண்டிய கடைசித் தேதியையும் எண்ணாகவே போடுங்கள். 30 நாள் என்ற சொல்லைவிட ஒரு தேதி பலமானது. பேநவ் எண்ணாக உங்கள் தொழில் பதிவு எண்ணான யூஇஎன் அதே பில்லில் இருக்கட்டும், "கணக்கு எண் தேடிக்கொண்டிருந்தோம்" என்ற பதில் வராது.

சிராங்கூன் செல்வம்

எதற்கு இவ்வளவு? பின்தேதியிட்ட காசோலை வாங்கிக்கொள்ளுங்கள். எங்கள் காலத்தில் அப்படித்தான் செய்தோம்.

கணக்கர் மீனாட்சி

அண்ணே, நிறுவனக் காசோலைகளைப் படிப்படியாக நிறுத்த முடிவு எடுத்தாகிவிட்டது. புதிதாக அந்தப் பழக்கத்தைத் தொடங்குவதில் பயனில்லை.

பழைய வேன்காரர்

எனக்குக் கைகொடுத்தது பில்லுக்குப் பில். இந்த முறை சரக்கு இறக்கும்போது போன முறை பில்லுக்குப் பணம். கடைக்கு ஒரு சுற்று கடன் கிடைக்கிறது, உனக்கு வெளியே ஒரு பில்லுக்கு மேல் நிற்காது. ஈசூன் கடை ஒப்புக்கொண்டால் உன் 1,500 187ஆகக் குறையும். புதுக் கடை என்றால் முதல் மூன்று ஆர்டர் ரொக்கம் அல்லது பேநவ், அதற்குப் பிறகு பில்லுக்குப் பில். முப்பது நாள் கேட்கிற பெரிய கடைக்கு மட்டும் முப்பது நாள், அவர்களுக்குக் கடன் வரம்பு ஒன்று எழுதிவிடு. வரம்பு தாண்டினால் வேனில் ஏற்றாதே. தாமத வட்டி என்று எழுதி வைப்பார்கள், நான் ஒரு தடவைகூட வசூலித்ததில்லை. அடுத்த பெட்டி வராது என்பதுதான் வேலை செய்யும்.

கடை தள்ளாடுகிறது என்பதற்கு அடையாளம் சொல்கிறேன். பில் 187.20 என்றால் சரியாக 187.20 கொடுப்பவர் நல்லபடி இருக்கிறார். 100, 150 என்று முழு எண்ணில் "கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்" என்று கொடுக்க ஆரம்பித்தால் கவனி. பணம் தாமதமாகும்போதே ஆர்டர் திடீரென்று பெரிதானால் இன்னும் கவனி. அந்தச் சரக்கு அந்தத் தட்டுக்குப் போகவில்லை, எங்கோ அவசரமாகக் காசாகிறது. அப்படி ஒரு கடையிடம் 2,000 வெள்ளிக்கு மேல் இழந்திருக்கிறேன். தீபாவளிக்கு முந்தைய மாதம், எல்லாருக்கும் ஆர்டர் கூடுகிற நேரம், அதனால் சந்தேகமே வரவில்லை.

கணக்கர் மீனாட்சி

அப்படி ஆனால் சிறு உரிமைக்கோரல் தீர்ப்பாயம் இருக்கிறது. 20,000 வெள்ளி வரை அங்கே கேட்கலாம், வழக்கறிஞர் தேவையில்லை, இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். அங்கே கேட்பது சரக்கு இறங்கியதற்கான தாள். டெலிவரி ஆர்டரில் கடை முத்திரையும் வாங்கியவர் கையெழுத்தும் இல்லாமல் வேன் நகரக் கூடாது. கடன் தருவதற்கு முன் தொழில்களைப் பதிவு செய்யும் ஏக்ராவின் பிஸ்ஃபைல் தளத்தில் அந்தக் கடையின் விவரத்தை எடுத்துப் பாருங்கள். தனியுரிமைக் கடையா, பிரைவேட் லிமிடெட்டா என்று தெரியும். தனியுரிமை என்றால் கடனுக்கு முதலாளியே பொறுப்பு. லிமிடெட் என்றால் பொதுவாக நிறுவனத்தோடு முடிந்துவிடும்.

உட்லண்ட்ஸ் பொடிக்காரி

இன்னொன்று மிச்சம். தேக்காவில் ஒரு கடை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை நாலு பெட்டி எடுக்கிறது. போன வாரம்தான் தெரிந்தது, என்னிடம் 3.50க்கு வாங்கிப் பக்கத்துச் சின்னக் கடைகளுக்கு 3.75க்குக் கொடுக்கிறார். என்னிடம் பெட்டி 3.90க்கு வாங்கிய இரண்டு கடை நின்றுபோனது இதனால்தான். கோபமாக இருக்கிறது. 3.75 என்று விலையை மாற்றினால் அவர் தானாக நின்றுவிடுவார், இல்லையா?

பழைய வேன்காரர்

கோபப்படுவதற்கு முன் கணக்கைப் பார். அந்த 96 பாக்கெட்டை நாலு கடைக்கு நீயே பெட்டி பெட்டியாகக் கொடுத்தால் 153 வெள்ளி 60 காசு நிற்கும், நாலு தடவை வேனுக்கு 48 போனால் 105.60. தேக்கா கடைக்கு ஒரே இடத்தில் இறக்கினால் 115.20இல் 12 போக 103.20. வித்தியாசம் இரண்டு வெள்ளி நாற்பது காசு. நாலு கடையில் பணம் கேட்டு நிற்கிற வேலையை அவர் பார்த்துக்கொள்கிறார். அவர் உன் வேலையைச் செய்கிறார், அதற்குத்தான் அந்த 40 காசு. மற்ற ஐந்து கடையும் அதே 40 காசை எதுவும் செய்யாமல் வாங்கிக்கொண்டார்கள், தப்பு அங்கேதான்.

நான் என்றால் கடைகளின் பட்டியலில் நாலு பெட்டி 3.75. அவருக்குத் தனியாக ஒரு விநியோக விலைத்தாள், 3.50, மாதம் எட்டுப் பெட்டி, எந்தத் தெருக்கள் அவருடையவை என்று எழுத்தில்.

ஜூரோங் மளிகை

அண்ணே, இதில் நான் உங்களோடு ஒத்துப்போகவில்லை. இன்று இரண்டு வெள்ளி நாற்பது காசு. நாளைக்கு அந்தக் கடைகள் யாருடைய வாடிக்கையாளர்? அவர் வேறு பொடி கொண்டுவந்தால் நாலு கடையும் அதே நாளில் போய்விடும். பொடிக்காரி அக்காவுக்கு அந்தக் கடைக்காரர்களின் பெயர்கூடத் தெரியாது. எனக்கே இரண்டு பேர் இப்படி வந்திருக்கிறார்கள், போன மாதம் ஒரு பிராண்டு, இந்த மாதம் இன்னொன்று.

பழைய வேன்காரர்

அந்தப் பயம் நியாயம்தான். எனக்கும் ஒரு முறை அப்படி நடந்தது. ஆனால் ஒரு வேன், ஒரு ஆள், 17 கடை வைத்துக்கொண்டு தேக்காவையும் உட்லண்ட்ஸையும் ஜூரோங்கையும் நேரடியாகப் பிடித்துவைக்க முடியாது.

உட்லண்ட்ஸ் பொடிக்காரி

தேக்கா விஷயத்தில் இன்னும் முடிவெடுக்கவில்லை. இந்த ஞாயிறு அவரைப் பார்த்துப் பேசுகிறேன். எந்தெந்தக் கடைகளுக்குக் கொடுக்கிறார் என்று பெயரைச் சொல்வாரா என்று முதலில் பார்க்கிறேன். சொன்னால் விலைத்தாள், சொல்லாவிட்டால் அவருக்கும் 3.75தான்.

மற்றதை மாற்றிவிட்டேன். புதுப் பட்டியலில் தேதி போட்டு, ஒரு மாத முன்னறிவிப்போடு இன்று 17 கடைக்கும் வாட்ஸப்பில் அனுப்பினேன். பன்னிரண்டு பாக்கெட்டிலிருந்து ஆர்டர், ஆறாறாகக் கலக்கலாம், ஒரு பெட்டிக்கு 3.90, நாலு பெட்டிக்கு 3.75. ஈசூன் கடைக்காரரிடம் பில்லுக்குப் பில் கேட்டேன். பழைய நிலுவையை மூன்று தவணையில் முடித்துவிட்டு மாறுகிறேன் என்றார். இரண்டு கடை ஏற்கெனவே கோபமாகப் பதில் அனுப்பிவிட்டன. ஒரு கடை ரசப் பொடி ஆறு கேட்டிருக்கிறது.

ஜூரோங் மளிகை

எனக்கும் பட்டியலை அனுப்புங்கள் அக்கா. இட்லிப் பொடி 12, மற்றது ஆறாறு. முதல் மூன்று முறை பேநவ், ஒப்புக்கொள்கிறேன்.